‘78’ என்றால் எந்த 78?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய சங்கப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வரவேற்கிறேன். ஆனால் அந்த வேலையில் இறங்குகிற இளைஞர்களுக்கு ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நம் பழைய படிவங்களில் பிறந்த ஆண்டு பெரும்பாலும் இரண்டு இலக்கத்தில்தான் இருக்கிறது. அது எந்த நூற்றாண்டு என்பதை யாரும் முடிவு செய்யாவிட்டால் கணினி தானாகவே முடிவு செய்துவிடும். பெரும்பாலும் தவறாகவே செய்யும்.

டர்பன் வட்டாரத்தில் ஒரு மரண உதவிச் சங்கத்தின் படிவங்களை ஒழுங்குபடுத்த உதவி வருகிறேன். அவற்றில் ஒன்றை, பெயர்களை விட்டுவிட்டு, எடுத்துக்காட்டாகத் தருகிறேன். படிவத்தின் தேதி மார்ச் 1979. உறுப்பினர் பிறந்த ஆண்டு 19, மனைவி 26, தாயார் 78, பேரன் 76. இவற்றை நாள், மாதத்தோடு எக்செல்லில் தட்டினால் என்ன ஆகும்? 00 முதல் 29 வரை இருந்தால் 2000க்குப் பிறகு, 30 முதல் 99 வரை இருந்தால் 1900களில் என்று எடுத்துக்கொள்வதுதான் அதன் நெடுநாள் வழக்கம். அதன்படி உறுப்பினர் 2019இல் பிறக்கிறார், மனைவி 2026இல், தாயார் 1978இல், பேரன் 1976இல்.

தாத்தாவுக்கு முன்பே பேரன் பிறந்துவிட்டதைக் கண்டு யாரும் உஷாராகிவிடலாம். ஆனால் பேரன் பெயர் அந்தப் படிவத்தில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயார் 1978, மகன் 2019, வித்தியாசம் 41 வயது. எந்தக் குறையும் தெரியாது. இரண்டு பேரும் சரியாக நூறு நூறு ஆண்டு தள்ளிப் போயிருப்பதால் உறவு மட்டும் பிசகாமல் நிற்கிறது. அதனால்தான் உறவை மட்டும் வைத்துச் சரிபார்ப்பது போதாது என்கிறேன். அந்தக் குடும்பத்தின் ஒரு தேதியாவது தரையில் ஊன்றி நிற்க வேண்டும். அது படிவம் நிரப்பப்பட்ட தேதி. 1979இல் நிரப்பிய தாளில் 2019இல் பிறந்தவர் கையெழுத்துப் போட முடியாது.

எனவே நான் செய்வது இதுதான். ஒவ்வொரு ஆளுக்கும் ‘இந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்திருக்க முடியாது’ என்று ஒரு மேல் எல்லை எழுதுகிறேன். அந்த எல்லையைத் தாண்டாமல், அந்த இரண்டு இலக்கத்தில் முடிகிற கடைசி ஆண்டுதான் விடை. எக்செல்லில் B பத்தியில் இரண்டு இலக்கமும் C பத்தியில் மேல் எல்லையும் இருந்தால், இந்த ஒரு வரி போதும்:

```
=C2-MOD(C2-B2,100)
```

சூத்திரத்தைவிட மேல் எல்லையை எப்படித் தேர்வது என்பதில்தான் வேலை இருக்கிறது. ஒரே படிவத்தில் எல்லோருக்கும் ஒரே எல்லை பொருந்தாது. உறுப்பினராகச் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் விதி. ஆகவே உறுப்பினரின் எல்லை 1979இலிருந்து 18 கழித்து 1961. 19 என்பது 1919 ஆகிறது. பேரன் கைக்குழந்தையாகவும் இருக்கலாம் என்பதால் அவன் எல்லை 1979தான். 76 என்பது 1976. தாயாருக்கு படிவத்தின் தேதியை எல்லையாக வைத்தால் 1978 வந்துவிடும், அதாவது ஒரு வயதுக் குழந்தை. அவருக்கு எல்லை அவர் மகனின் பிறப்பு. 1919இல் மகனைப் பெற்றவர் 1906க்குப் பிறகு பிறந்திருக்க வாய்ப்பில்லை. C பத்தியில் 1906 போட்டால் 1878 என்று வருகிறது. படிவம் நிரப்பியபோது அந்த ஆயாவுக்கு நூறு வயது ஆகியிருக்கிறது, அல்லது நூற்றொன்றே ஆகியிருக்கிறது.

நூறு வயதா என்று சந்தேகம் வருவது நியாயம். இந்த இடத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நமக்கு ஒரு வசதி உண்டு. 1860இல் டுரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஓர் எண்ணும், தகப்பன் பெயரும், ஊரும், வயதும் பதிவாகியிருக்கின்றன. பிறந்த ஆண்டு இல்லை, வயதுதான். அந்த ஆயா 1889இல் பெற்றோரோடு வந்து இறங்கியபோது வயது 11 என்று இருக்கிறது. கழித்துப் பார்த்தால் 1878. அந்தப் பட்டியலின் வயதுகள் குத்துமதிப்பானவை, நாலைந்து ஆண்டு முன்பின் இருக்கும் என்பது தேடியவர்களுக்குத் தெரியும். நமக்கு அதனால் பாதகமில்லை. நம் முன்னால் இருப்பவை 1878, 1978 என்ற இரண்டே ஆண்டுகள். நடுவில் நூறு ஆண்டு இடைவெளி. ஐந்து ஆண்டு பிசகுள்ள சாட்சிகூட நூற்றாண்டைச் சொல்லிவிடும். வேறு எந்த வம்சாவளிக் கேள்விக்கும் இவ்வளவு கரடுமுரடான ஆதாரம் போதுமானதாக இருப்பதில்லை.

படிவத்தில் தேதியே இல்லாவிட்டால்? தாளை நன்றாகப் பாருங்கள். சந்தா பவுண்டு, ஷில்லிங்கில் இருந்தால் 1961 பிப்ரவரி 14க்கு முந்தையது, ஏனென்றால் அன்றுதான் ராண்ட் புழக்கத்துக்கு வந்தது. விலாசத்தில் நாலு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1973 அக்டோபருக்குப் பிந்தையது. சாட்ஸ்வொர்த் வீட்டு எண் இருந்தால் 1960களுக்கு முன் போக முடியாது. பீனிக்ஸ் என்றால் 1970களின் நடுப்பகுதிக்கு முன் போக முடியாது. சரியான நாள் தெரியவேண்டிய அவசியமில்லை. மேல் எல்லைக்கு ஒரு பத்தாண்டு தெரிந்தாலே முக்கால்வாசிப் பேருக்கு நூற்றாண்டு தெளிந்துவிடும். சிக்கல் வருவதெல்லாம் சிறு பிள்ளைகளுக்கும் நூறு வயதை நெருங்கியவர்களுக்கும்தான். நடுத்தர வயதுக்காரர்களுக்கு இரண்டாவது விடை என்று ஒன்று கிடையாது.

அடையாள எண்ணைப் பார்த்தால் தெரியாதா என்று பலர் கேட்கிறார்கள். தெரியாது. நம் நாட்டு 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, ஆனால் ஆண்டுக்கு இரண்டே இலக்கம். விளக்கங்களில் மாதிரியாகக் காட்டப்படும் 8001015009087 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 80 ஆண்டு, 01 மாதம், 01 நாள். அடுத்த நாலு இலக்கம் 5000க்கு மேல் இருப்பதால் ஆண். அதற்கடுத்த 0 குடியுரிமை. கடைசி 7 சரிபார்ப்பு இலக்கம். அது மற்ற பன்னிரண்டு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் பிடித்துவிடும். ஆனால் இவர் 1880இல் பிறந்தவரா 1980இல் பிறந்தவரா என்பது அந்தப் பன்னிரண்டில் எங்கும் இல்லாததால், சரிபார்ப்பு இலக்கம் இரண்டுக்கும் ஒன்றே. எண் சரியாக இருக்கிறது என்று கணினி சொல்வதை நூற்றாண்டுக்குச் சாட்சியாக எடுக்கவே கூடாது. பின்லாந்தில் தேதிக்குப் பிறகு ஒரு குறி போடுகிறார்கள்: 1800களுக்குக் கூட்டல் குறி, 1900களுக்குக் கழித்தல் குறி, 2000களுக்கு A எழுத்து. நம் எண்ணில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒருவரின் இனப் பிரிவைக் காட்ட இடம் ஒதுக்கியிருந்தார்கள். நூற்றாண்டைக் காட்ட ஓர் இலக்கம் ஒதுக்கத் தோன்றவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பெயரை வைத்துத் தலைமுறையைக் கண்டுபிடிக்கலாம் என்ற யோசனையையும் நான் நம்புவதில்லை. முனியம்மா என்றால் பழைய காலத்து ஆள் என்று தோன்றும். நம் வீடுகளில் ஆயாவின் பெயரைத்தான் பேத்திக்கு வைக்கிறோம். ஒரே விலாசத்தில், ஒரே பெயரில், மூன்று வயதுக்காரியும் நூற்று மூன்று வயதுக்காரியும் இருப்பது நடக்கக் கூடியதே.

தட்டுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பிறந்த தேதிப் பத்தியை, ஒன்றையும் தட்டுவதற்கு முன்பே, எழுத்துவடிவமாக மாற்றிவையுங்கள். இல்லாவிட்டால் 12/06/08 என்று தட்டியதை எக்செல் தேதியாக மாற்றிக்கொள்ளும். தென்னாப்பிரிக்க அமைப்புள்ள கணினிகளில் ஆண்டு முதலில் வருவதால் அதை 2012 ஜூன் 8 என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். அப்போது நாளும் ஆண்டும் இடம் மாறிவிடுகின்றன. மோசம் என்னவென்றால், திரையில் இரண்டு இலக்கமே காட்டும்படி அமைத்திருந்தால் உள்ளே என்ன நடந்தது என்று தெரியவே தெரியாது. ஆண்டை நாலு இலக்கமாகக் காட்டச் செய்து, பிறகு வரிசைப்படுத்திப் பார்த்தால் படிவத்தின் தேதிக்குப் பின் பிறந்தவர்கள் எல்லாம் அடியில் வந்து நிற்பார்கள். இன்னொன்று, எக்செல்லின் தேதிகள் 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகின்றன. நாள், மாதத்தோடு 1878 என்று முழுமையாகத் தட்டினாலும் அதைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆகவே ஆண்டுக்குத் தனிப் பத்தி வைத்து வெறும் எண்ணாக எழுதுவதே உத்தமம்.

இரண்டாவது, தாளில் உள்ள ‘78’ஐ அழித்துவிட்டு 1878 என்று எழுதாதீர்கள். தாளில் உள்ளது ஒரு பத்தி, நாம் கண்டது இன்னொரு பத்தி, எதை வைத்துக் கண்டோம் என்பது மூன்றாவது பத்தி. ‘மகன் 1919, கப்பல் பட்டியல் வயது 11’ என்று நாலு சொல் போதும். சூத்திரம் 105 வயதுக்கு மேல் காட்டினால் அதை ஏற்காமல் தாளை மறுபடி எடுங்கள். அதே சங்கத்தில் 64 என்று எழுதிய உறுப்பினருக்கு 1864 என்று வந்தது. தகப்பன் இறந்த பிறகு 15 வயதுப் பையனின் பெயரில் சந்தாவைத் தொடர அனுமதித்திருக்கிறார்கள் என்பது பின்பக்கக் குறிப்பில் இருந்தது. 18 வயது விதி அங்கே தளர்ந்திருக்கிறது. அந்தப் பத்தியில் ‘1964, பின்பக்கக் குறிப்பு’ என்று எழுதினோம்.

எந்த ஆதாரமும் கிடைக்காத ஆட்களும் உண்டு. உறவு எழுதாமல் பெயரும் 76 என்ற எண்ணும் மட்டும் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைகள் நூற்று மூன்று வயதுக்காரர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் 1976 என்று எழுதி, மூன்றாவது பத்தியில் ‘ஊகம்’ என்று தெளிவாகப் போடுகிறேன். பின்னால் அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து மரணச் சான்றிதழைக் காட்டினால் எங்கே திருத்த வேண்டும் என்று தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்