வங்கிக் கிளை மேலாளர்களுக்கு: எட்டாயிரத்துக்காகச் சம்பளம் முழுவதையும் பூட்டாதீர்கள்

மதிப்புக்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. ஒன்றாம் தேதி பணம் ஏறியதும் "சார், பணம் வந்திருக்கு, எடுக்க முடியலை" என்று யாராவது வந்து நிற்பது இப்போது சாதாரணமாகிவிட்டது.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவர் பழைய போனை 8,000 ரூபாய்க்கு விற்றார். வாங்கியவர் யூபிஐயில் பணம் அனுப்பினார். அந்தப் பணம் வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்தது. இரண்டு மூன்று கணக்குகள் தாண்டி இவரிடம் வந்திருக்கிறது. பறிகொடுத்தவர் சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் இருந்த கணக்குகளுக்கெல்லாம் போலீஸ் உத்தரவு போனது. இவர் கணக்கும் அதில் ஒன்று. அப்புறம் 23,400 ரூபாய் சம்பளம் உள்ளே போனது, வெளியே வரவில்லை. வீட்டுக்கடன் தவணை திரும்பியது, அதற்கு அபராதம் வேறு.

போலீஸுக்கு இந்த அதிகாரம் உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. வங்கிக் கணக்கும் கைப்பற்றக்கூடிய சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. இப்போது அது பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-வது பிரிவில் நடக்கிறது. கைப்பற்றியதைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. விசாரணை அதிகாரி சொல்லாமல் நீங்களாகத் திறக்க முடியாது என்பதும் புரிகிறது.

ஆனால் பூட்டுவதில் இரண்டு விதம் உண்டே. சந்தேகத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பது ஒன்று. நீங்கள் 'லீன்' என்பீர்கள். கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகாமல் தடுக்கும் 'டெபிட் ஃப்ரீஸ்' இன்னொன்று. உத்தரவில் தொகை தெளிவாக இருந்தாலும் வம்பு எதற்கு என்று பல கிளைகள் முழுக் கணக்கையும் பூட்டிவிடுகின்றன. சந்தேகத் தொகையோடு முடக்கத்தை நிறுத்த வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் லீன் வைத்துவிட்டு மற்றதை இயக்கவிடச் சொன்னது.

கடனைக் கட்டாமல் கோர்ட்டில் தோற்றவரின் சம்பளத்துக்கே ஒரு வேலி இருக்கிறது. ஜீவனாம்சம் அல்லாத சாதாரணக் கடன் வழக்கில், சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. 23,400-க்குக் கணக்குப் போட்டால் 7,466 ரூபாய்தான் மாட்டும். போன் விற்றவருக்கு முழுதும் மாட்டியது.

எங்கள் உதவியாளர் முதலில் கிளைக்குப் போனபோது கிடைத்த பதில் "சைபர் கிரைம், எங்க கையில இல்ல." எந்த ஊர் போலீஸ் என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு எழுத்தில் கேட்டார்: புகாரின் ஒப்புகை எண், காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை. நகலில் கிளையின் முத்திரை வாங்கிக்கொண்டார். கிளை அசையாததால் அதே கடிதம் வங்கியின் நோடல் அதிகாரிக்குப் போனது. விவரம் அங்கிருந்துதான் வந்தது.

விசாரணை அதிகாரிக்கு எழுதும்போது, நான் நல்லவன், கணக்கைத் திறந்துவிடுங்கள் என்று எழுதினால் நகராது. 8,000-ஐ நிறுத்திவைத்துக்கொண்டு மற்றதை விடுவிக்கும்படி வங்கிக்குத் தெரிவியுங்கள் என்றே கேட்டோம். போன் வாங்கிய பில், வாங்கியவரோடு பேசிய வாட்ஸாப் பக்கங்கள், கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, 23,400 எங்கள் சம்பளம்தான் என்ற கம்பெனிக் கடிதம் எல்லாம் இணைத்தோம். கணக்கு அறிக்கையில் அந்த 8,000 வரியையும் சம்பள வரியையும் தனித்தனியாகக் கோடிட்டோம். அதிகாரி வங்கிக்கு மின்னஞ்சல் போட்டார், சம்பளம் வெளியே வந்தது.

அவர் பதில் சொல்லாமலிருந்தால், அந்தக் காவல் நிலைய எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட்டிடம் பிஎன்எஸ்எஸ் 503-வது பிரிவில் மனுப் போட வேண்டும். அதுவும் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மாதச் சம்பளக்காரருக்கு வெளிமாநிலக் கோர்ட் என்பது என்ன செலவு என்று உங்களுக்கே தெரியும். நடுவில் "காசு கொடுத்தால் திறந்து தருகிறேன்" என்று புரோக்கர்களும் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த மாதச் சம்பளத்தைக் காசோலையாகக் கொடுத்தோம். அதே வங்கியில் இன்னொரு கணக்கு இருந்தது, ஆனால் வாடிக்கையாளர் எண் ஒன்றே என்பதால் அதுவும் பூட்டப்படலாம் என்று அதற்கு அனுப்பவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். உத்தரவில் தொகை இருந்தால் அந்தத் தொகைக்கு மட்டும் லீன் போடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு என்று அதிகாரியிடம் நீங்களே கேளுங்கள். பூட்டிய அன்றே ஒப்புகை எண், காவல் நிலையம், தொகை மூன்றையும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். எங்கள் உதவியாளரின் 8,000 இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அது யாருக்கு என்பதைக் கோர்ட் சொல்லட்டும், அவர் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் எழுத்தர், திருப்பூர்