செயலாளர் ஆண்டறிக்கை: ஏரி மீன்பிடிப்போர் சங்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. கரை சுத்தம் செய்யும் பணி நடந்தது. படகு பழுது பார்க்கப்பட்டது. வரவு செலவு பெரிய வித்தியாசம் இல்லாமல் முடிந்தது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்பவர்கள் பார்க்கலாம்.

இனி மீன் கணக்கெடுப்பு. சென்ற பொதுக்குழுவில் ஒருவர் ஏரியில் ஆயிரக்கணக்கில் கெண்டை இருக்கிறது, பிடி வரம்பை உயர்த்துங்கள் என்றார். இன்னொருவர் மீனே இல்லை என்றார். இருவர் கையிலும் ஆதாரம் இல்லை. அதனால்தான் இந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முறை பழையது. டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-இல் மீன்களில் அடையாளமிட்டு விட்ட பணியிலிருந்து வந்தது. 1930-இல் அமெரிக்காவில் லிங்கன் என்பவர் வாத்துகளுக்கு இதே கணக்கைப் போட்டார். நாம் கரைவலை இழுத்து 120 கெண்டைகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் இடது வயிற்றுத் துடுப்பிலும் நுனியை மட்டும் கத்தரித்துத் திரும்ப விட்டோம். ஏரி முழுக்கக் கலக்க இரண்டு வாரம் விட்டு மறுபடி பிடித்தோம். கிடைத்த 100 மீன்களில் 15-இல் துடுப்பு வெட்டு இருந்தது. பிடித்ததில் அடையாளமுள்ளவை எந்த விகிதமோ, ஏரியிலும் அதே விகிதம்தான் என்று எடுத்துக்கொண்டால்:

N = M × C / R = 120 × 100 / 15 = 800

N ஏரியில் மொத்தம் உள்ளவை, M முதலில் அடையாளமிட்டவை, C இரண்டாம் முறை பிடித்தவை, R அவற்றில் அடையாளத்தோடு வந்தவை. R சிறியதாக இருக்கும்போது இந்தச் சூத்திரம் சற்று அதிகமாகக் காட்டும். அதற்கு 1951-இல் சாப்மன் தந்த திருத்தம் இது:

N = (M+1)(C+1)/(R+1) − 1 = 121 × 101 / 16 − 1 ≈ 763

ஆனால் 763 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இந்த அளவு மாதிரிக்கு, உண்மை எண் இருக்கக்கூடிய 95 சதவீத நம்பிக்கை வரம்பு ஏறத்தாழ 450 முதல் 1070 வரை நீள்கிறது. இரண்டாம் முறை 200 மீன் பிடித்து, அதே விகிதத்தில் 30 அடையாளம் வந்திருந்தால் வரம்பு 570 முதல் 1000 வரையாகச் சுருங்கியிருக்கும். பட்டியலில் பெயர் கொடுத்த பாதிப் பேர் அன்று வரவில்லை. ஆள் இல்லாமல் ஒரு வலையை இறக்கவே முடியவில்லை. அன்று வராதவர்களில் சிலர்தான் இப்போது, "என்ன சார், இவ்வளவு அகலமான கணக்கா?" என்று கேட்கிறார்கள். அகலத்துக்குக் காரணம் வலையில் ஏறிய மீன் குறைவு என்பதுதான்.

கணக்கு சரியாக இருக்கச் சில நிபந்தனைகள் உண்டு. வெட்டுப்பட்ட மீன் செத்துவிடக் கூடாது. 120-இல் 20 செத்திருந்தால் M உண்மையில் 100. விடை 637 ஆகியிருக்க வேண்டும், நாமோ 763 என்று அறிவித்திருப்போம். அதனால் வெட்டிய சிலவற்றை வலைக்கூண்டில் ஓர் இரவு வைத்துப் பார்த்தோம், ஒன்றும் சாகவில்லை. அதே மாதிரி அடையாளத்தைக் கண் தவறவிட்டாலும் எண்ணிக்கை பொய்யாக ஏறும். ஆகவே ஒவ்வொரு மீனையும் புரட்டி, இரண்டு பேர் தனித்தனியே துடுப்பைப் பார்த்தார்கள். வெட்டிய துடுப்பு நாளாக ஆக வளர்ந்துவிடும் என்பதால், கலக்க நேரம் கொடுத்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை.

எல்லா மீனும் ஒரே அளவு சுலபமாக மாட்ட வேண்டும் என்பதுதான் பிடிபடாத நிபந்தனை. எளிதில் மாட்டும் மீன் இரண்டு முறையும் மாட்டினால் R கூடும், விடை குறைந்துவிடும். அப்புறம் ஒருமுறை மாட்டிய மீன் வலையைக் கண்டு ஒதுங்கினால் விடை ஏறும். அதற்காகவே முதலில் கரைவலையும் இரண்டாம் முறை செவுள் வலையும் போட்டோம். இருந்தும் கண்ணிக்குள் புகுந்து போகும் குஞ்சுகள் இந்த எண்ணில் இல்லை. 763 என்பது வலையில் நிற்கும் அளவுள்ள கெண்டைகளுக்கு மட்டும்.

இடைப்பட்ட நாட்களில் தூண்டில் போட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடையாளமுள்ளதும் இல்லாததும் ஒரே விகிதத்தில் எடுக்கப்பட்டால் கணக்கு கெடாது. அது முதல் நாள் இருந்த எண்ணிக்கையைச் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் வெட்டுள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் எல்லாம் போச்சு. பதிவேட்டில் எழுதுங்கள் என்று கேட்டும் மிகச் சிலரே எழுதினார்கள்.

உதவிய உறுப்பினர்களுக்கும் படகு தந்தவருக்கும் நன்றி.

450-க்கும் 1070-க்கும் நடுவில் எது உண்மை என்று தெரியாத வரை பிடி வரம்பை உயர்த்தப் பரிந்துரைக்க என்னால் முடியாது. வரும் ஆண்டு இரண்டாம் பிடிப்பில் 200 மீனாவது ஏற வேண்டும். அதற்கு மூன்று வலைக்கு ஆள் தேவை, புதுச் செவுள் வலை ஒன்றும் தேவை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. அது முழுதாக வசூலானால் வலைக்குத் தனி நிதி கேட்க வேண்டியிருக்காது.

செயலாளர்