சுருக்கினால் பிள்ளைகளுக்கு விளங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கொழும்பில் ஓர் ஓவியக் கூடம் குடும்பங்களுக்கென வெளியிட்டிருக்கும், பிள்ளைகள் ஓவியங்களைத் தேடிப் பார்த்து விடை எழுதும் தேடல் தாள் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளை ஓவியக் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை சொன்னதே பெரிய காரியம். ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு வரி மனதை நோகடித்துவிட்டது. "பெரியவர்களுக்கான குறிப்பைச் சுருக்கி, இரண்டு படங்களையும் சேர்த்துவிட்டால் பிள்ளைகளுக்கானது தயார்." கண்காட்சிக் குறிப்பு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பல வருடங்களாக எதிர்த்து வரும் எண்ணம் இது. இன்று உங்கள் பத்திரிகையின் பெயரால் அச்சேறிவிட்டது.

சுருக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்து, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் நடராசர் வெண்கலங்களைத் தாங்கள் அறிவீர்கள். அத்தகைய சிலைக்கு எவரும் எழுதக்கூடிய குறிப்பு இப்படி இருக்கும்: "சோழர் கலைப்பாணியின் சிறப்பை எடுத்தியம்பும் இவ்வெண்கலச் சிற்பம் இறைவனின் ஐந்தொழிலையும் குறியீடாக உணர்த்துகிறது." இதைச் சுருக்கினால் "ஐந்தொழிலை உணர்த்தும் சோழர் பாணி வெண்கலம்" என்று வரும். இலகுவான சொற்கள் போய், கடினமானவை மட்டும் மிஞ்சிவிட்டன. தரம் மூன்றில் படிக்கும் பிள்ளை அதை வாசித்து முடித்த பிறகும் அதன் கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு ஓடிவிடும்.

பிள்ளைக்கான குறிப்பைச் சிலைக்கு முன்னால் நின்றுதான் எழுத வேண்டும். முதலில் கண் எங்கே போகிறது, அடுத்து எங்கே போகிறது என்று பார்த்து, அதே ஒழுங்கில் எழுத வேண்டும். "இவருக்கு எத்தனை கைகள்? ஒரு கையில் சின்ன உடுக்கை இருக்கிறது. அந்தக் கைக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் என்ன எரிகிறது? யானைத் துதிக்கைபோல வளைந்திருக்கும் கை எதைக் காட்டுகிறது? இப்போது குனிந்து, ஊன்றிய காலின் கீழே பாருங்கள். அங்கே கிடப்பவனின் பெயர் முயலகன்." இவ்வளவு போதும். ஐந்தொழிலைத் தாளின் பின்பக்கத்தில் பெரியவர்களுக்கென இரண்டு வரியில் தந்துவிடலாம். பிள்ளை கேட்டால் அவர்கள் சொல்லட்டும்.

இதில் வலது, இடது என்று எழுதாததற்குக் காரணம் உண்டு. நடராசரின் வலக்கை, எதிரே நிற்பவருக்கு இடப்பக்கம் தெரியும். நூல்களில் சிலையின் வலம்தான் வலம். அதை அப்படியே குறிப்பில் எடுத்துப் போட்டால், உடுக்கையைத் தேடச் சொன்ன இடத்தில் பிள்ளை தீயைக் காணும். தான்தான் பிழையாகப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே கையில் இருக்கும் பொருளைச் சொல்லியே கையைக் காட்ட வேண்டும்.

நடராசரைப் போல ஒற்றைக் காலில் நின்று பாருங்கள் என்று எழுதுவதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சுற்றிவர இரண்டு மீற்றராவது வெளி இல்லாத இடத்தில் அதைப் போட்டால் கண்ணாடிப் பெட்டியில் பிள்ளை மோதும். அதோடு, சிலையைக் கண்டதும் கைகூப்பும் பாட்டியும் அந்தக் குடும்பத்தில் இருக்கலாம். அதே வரிசையில் ஒரு முஸ்லிம் பிள்ளையும் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையும் நிற்கலாம். "நமது கடவுள்" என்று எழுதினால் அந்த இருவரையும் வெளியே தள்ளியதாகிவிடும்.

நீங்கள் பாராட்டிய தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இருபது கேள்விகள். பாதிக்கு மேற்பட்டவற்றின் விடை சுவரிலுள்ள குறிப்பிலேயே இருக்கிறது. ஓவியர் பெயர் என்ன, எந்த ஆண்டில் வரைந்தார் என்று கேட்டால், பிள்ளை ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குறிப்பைப் பார்த்து எழுதும். அது பரீட்சை வினாத்தாள். ஆறு நிறுத்தங்கள் போதும். நிறுத்தத்துக்கு ஐந்தாறு நிமிடம் போனால் நடையும் சேர்ந்து முக்கால் மணித்தியாலம் ஆகிவிடும். சின்னப் பிள்ளையின் பொறுமை அதற்கு மேல் தாங்காது. முதல் நிறுத்தம் வாசலிலிருந்தே தெரிய வேண்டும். நடுவில் ஒன்றாவது வாங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பென்சில் மட்டும் கொடுங்கள், பேனை வேண்டாம். கூடவே ஒரு தடித்த மட்டையும் கொடுக்காவிட்டால், தாளைச் சுவரிலோ கண்ணாடியிலோ வைத்துத்தான் எழுதுவார்கள். ஓவியம் ஒன்றை இறக்கினால் அன்றே தாளையும் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்துவிட்டு, இல்லாத ஓவியத்தைப் பிள்ளைகளைத் தேடவிடும் கூடங்கள் இங்கே உண்டு.

உயரத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 110 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. குறிப்பை 150இல் ஒட்டினால், அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கு எழுத்துக்குப் பதிலாக மேல் விளக்கின் வெளிச்சம்தான் தெரியும். 90க்கும் 100க்கும் இடையில், கொஞ்சம் சரித்து வைக்க வேண்டும். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையே கூடுதல் இடமும் வேண்டும்.

அந்த இடம்தான் நமக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதி, பலகையையும் அதற்கேற்ப வடிவமைத்து முடித்த பிறகு, மிஞ்சிய மூலைக்குள் தமிழை அடைக்கிறார்கள். அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குகிறார்கள். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டும் கொழும்பு நூதனசாலையில்தான் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. அந்தந்த மொழியை வாசிப்பவருக்கென்றே தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன் கல்லில் செய்ய முடிந்ததை, இன்று ஒரு பிள்ளைக்கு அட்டையில் செய்து கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி ஐயா மனம் ஆறும்?

குறிப்பு சரியாக அமைந்ததா என்று பார்க்க ஐந்தாறு பிள்ளைகள் போதும். அச்சுக்குக் கொடுக்கும் முன் சாதாரணத் தாளில் எடுத்து ஒட்டிவிட்டு, தள்ளி நின்று அவர்களின் கண்களைக் கவனிக்க வேண்டும். குறிப்பிலிருந்து ஓவியத்துக்கும், ஓவியத்திலிருந்து குறிப்புக்கும் கண் போய் வந்தால் சரி. வாசித்துவிட்டு நேரே நடந்தால் மாற்றி எழுத வேண்டும். தாயோ தகப்பனோ உரக்க வாசிக்கும்போது எந்த இடத்தில் தடுக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பெரியவர் வாசிக்கப் பிள்ளை கேட்பதுதான் வழக்கம். வாய்க்கு வராத வசனம் பிள்ளையின் காதுக்கும் போகாது.

என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை ஒரு கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, தமிழ்க் குறிப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, ஒரு பிள்ளையால் அதை வாசிக்க முடிகிறதா என்று உங்கள் நிருபரை ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வரிக்கும் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6