ரயிலுக்கு அறுபது நாள், லீவுக்கு முப்பது நாளா?

எங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு,

வணக்கம். தீபாவளி லீவு பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வந்தது. 'முப்பது நாளுக்கு முன்பு விண்ணப்பிக்க இயலாது' என்ற வரி இந்த ஆண்டும் அப்படியே இருக்கிறது. ரயில் முன்பதிவோ அறுபது நாளுக்கு முன்பு, காலை எட்டு மணிக்குத் தொடங்கிச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆக, லீவு கிடைக்குமா என்று தெரியாமலேயே டிக்கெட் எடுக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு அப்படித்தான் எடுத்தேன். ஜனவரி 13 இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று படுக்கை. அதற்காக நவம்பர் 14 காலை ஏழே முக்காலுக்கே போனும் கையுமாக உட்கார்ந்தேன். போகி அன்று ஒரு நாள் லீவு போதும். டிசம்பர் 15 அன்று விண்ணப்பித்தேன். பதில் ஜனவரி 7 அன்று வந்தது: 'அணியில் ஏற்கெனவே இருவர்.' டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, போகி அன்று வேலை முடிந்து கிளாம்பாக்கத்தில் ஆம்னி பஸ் ஏறினோம். கோவில்பட்டி தாண்டும்போது ஊரில் பானை பொங்கிவிட்டது. வீடியோ காலில் பார்த்து என் மகள் பஸ்ஸுக்குள்ளேயே 'பொங்கலோ பொங்கல்' என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நல்லவர்கள், யாரும் திட்டவில்லை.

அணிக்கு இருவர் என்ற விதியில் எனக்குக் குறையில்லை. அந்த இருவர் யார் என்பதை நவம்பரிலேயே சொல்லியிருக்கலாமே என்பதுதான் கேள்வி.

இந்தத் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திங்கள் ஒரு நாள் எல்லோருக்கும் வேண்டியிருக்கும். வெள்ளி இரவு ரயிலுக்கு முன்பதிவு செப்டம்பர் 7, திங்கள் இரவு திரும்புவதற்குச் செப்டம்பர் 10. எனவே விண்ணப்பங்களை ஆகஸ்டிலேயே வாங்கி, செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால், பொங்கலுக்குப் போய்வந்தவர்கள் தீபாவளிக்கு விட்டுக்கொடுக்கட்டும்.

அப்புறம், அந்த 'சாண்ட்விச்' கணக்கு. பொங்கலுக்கு முன்னால் புதன், பின்னால் திங்கள் என இரண்டு நாள் எடுத்த சக ஊழியருக்கு, நடுவில் வந்த பண்டிகை விடுமுறையும் சனி, ஞாயிறும் சேர்த்து ஆறு நாள் கழித்தீர்கள். பொங்கலையே அவர் சொந்த லீவில் கொண்டாடியிருக்கிறார். இன்னொரு பக்கம், 'மீதமுள்ள லீவை எடுத்துவிடுங்கள்' என்ற அறிவிப்பு ஆடி மாதத்தில் வருகிறது. பள்ளி நடக்கிறது, கல்யாணமும் கிடையாது. நாங்கள் எங்கே போவது?

சரி, கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான்: ரயில் முன்பதிவு தொடங்கும் முன் லீவு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். 'இல்லை' என்றாலும் பரவாயில்லை, செப்டம்பர் 7 காலை எட்டு மணிக்கு முன்னால் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஊழியர்