கல்யாணம் ஆச்சா என்று எப்போது கேட்கலாம்? வடசென்னை கன்டெய்னர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளிலும் பாரிமுனை கிளியரிங் ஆபீஸ்களிலும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு,

வணக்கம்.

வாக்-இன் அன்று வாசலில் நீங்கள் கொடுக்கும் விண்ணப்பத் தாளைப் பற்றித்தான் இந்த மடல். கணவர் பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, மதம், எத்தனை பிள்ளைகள் என்று பல இடங்களில் முதல் பக்கத்திலேயே கேட்கிறீர்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அல்ல. பி.எஃப். படிவமும் ஈ.எஸ்.ஐ. படிவமும் குடும்ப விவரம் கேட்கின்றன. வேலை மிச்சம் என்று யாரோ எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்து ஜெராக்ஸ் போட்டுவிட்டார். விளைவு, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்த விவரம் தேர்ந்தெடுப்பவர் கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டதை வாய் கேட்காமல் விடாது.

தாளை இரண்டாக்குங்கள். முதல் தாளில் பெயர், போன் நம்பர், படிப்பு, அனுபவம், '18 வயது நிரம்பியதா' என்ற ஒரு கேள்வி, இவ்வளவு போதும். மற்றதெல்லாம் வேலை உறுதியான பிறகு நிரப்பும் இரண்டாம் தாளுக்கு. ஆதார் நகலும் அப்போதுதான். முகவரியும் பிறந்த தேதியும் உறவின் பெயரும் ஒரே அட்டையில் இருப்பதால், அதை முதலிலேயே வாங்கினால் தாளைப் பிரித்ததில் பயனில்லை.

அடுத்தது வாய்க் கேள்வி. மதியம் 2 முதல் இரவு 10 வரை ஷிஃப்டில் டாக்குமென்டேஷன் வேலைக்கு ஆள் தேவை என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கட்-ஆஃப் நெருங்கும் நாளில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்க வேண்டியிருக்கும். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அதை "கல்யாணம் ஆச்சா? குழந்தையை யார் பாத்துப்பாங்க?" என்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. கல்யாணமாகாதவருக்கும் வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா இருக்கலாம். இரண்டு பிள்ளைக்காரிக்கு மாமியார் துணை இருக்கலாம். தேவையை அப்படியே சொல்லுங்கள்: "இரவு 10 வரை ஷிஃப்ட். மாதத்தில் சில நாள் 11 ஆகும். உங்களால் முடியுமா?" இதை ஆணிடமும் கேளுங்கள், பெண்ணிடம் மட்டும் கேட்டால் அது பழைய கேள்விதான். வெள்ளிக்கிழமை மதியம் கவுன்ட்டரில் ஆள் வேண்டுமென்றால், பெயரைப் பார்த்து ஒருவரிடம் மட்டும் கேட்காமல் அந்த நேரத்தைச் சொல்லி எல்லாரிடமும் கேளுங்கள்.

சறுக்குவது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில். கேள்வித் தாள் முடிந்து டீ வரும், முதலாளி எட்டிப் பார்த்து "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்பார். பேச்சுக்குக் கேட்டதாக அவர் நினைப்பார். எதிரில் இருப்பவர் சாதி தேடுவதாக நினைப்பார். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். அதனால் முதலாளி வரும் முன்பே மதிப்பெண் போட்டுவிடுங்கள். வந்தவர் தானாகவே குடும்பத்தைப் பற்றிச் சொன்னால், குறிக்காமல், துருவாமல் வேலைக்குத் திரும்புங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தனியார் இன்டர்வியூவில் இந்தக் கேள்விகளைக் கேட்பதையே குற்றமாக்கும் பொதுச் சட்டம் இல்லை. ஆனால் ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேர்ந்த நீரா மாத்தூர் என்ற பெண்ணின் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்.ஐ.சி. தன் படிவத்தில் மாதவிடாய், கர்ப்பம் பற்றியெல்லாம் கேட்டிருந்தது. அவர் தவறான தகவல் தந்தார் என்று வேலையிலிருந்து நீக்கியது. நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்த்ததோடு, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்கவும் சொன்னது.

இதைப் படிக்கும், வேலை தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொய் சொல்லாதீர்கள். சேர்ந்தபின் பி.எஃப். படிவத்தில் உண்மை வெளிவரும். 'தவறான தகவல்' என்று அதையே காரணம் காட்டுவார்கள். கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலைக்குப் பதில் சொல்லுங்கள்: "ஷிஃப்ட் பத்தித்தானே கேக்கறீங்க சார்? 10 மணி வரைக்கும் பிரச்சனை இல்ல. 11 ஆனா கம்பெனி வண்டி வேணும்." மறுபடி துருவினால், "வேலைக்கு இது எப்படித் தேவைப்படுதுன்னு சொன்னீங்கன்னா பதில் சொல்ல வசதியா இருக்கும் மேடம்" என்று தணிந்த குரலில் கேளுங்கள். வேலை கைநழுவலாம், தெரிந்தே கேளுங்கள். வெளியே வந்ததும் தேதி, கேட்டவர் பதவி, கேட்ட வார்த்தைகள் மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு தொழிலாளர் துறைக்குப் புகார் போவதென்றால் இது உதவும்.

ஹெச்.ஆர். நண்பர்களே, அடுத்த வாக்-இன்னுக்கு முன் பழைய ஜெராக்ஸ் கட்டை வாசல் மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள். அது அங்கேயே இருந்தால் செக்யூரிட்டி அண்ணன் அதைத்தான் கொடுப்பார்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் வேலைப் பயிற்சி தருபவர்கள்