450 மி.மீ. குழாய் போட்டால் அது குட்டை அல்ல, வெறும் பள்ளம்

பேரூராட்சி செயல் அலுவலர் அவர்களுக்கும், எங்கள் தெருவுக்கு மேற்கே வரப்போகும் மனைப்பிரிவின் பொறியாளருக்கும், வணக்கம்.

ஓடையோரத்தில் குடியிருப்பவன் நான். வடிகால் வேலையிலேயே வயதைக் கழித்து ஓய்வு பெற்றவன். மழைநீர்த் தேக்கக் குட்டை ஒன்று வரைபடத்தில் இருப்பதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன். 250 சதுர மீட்டர் பரப்பு, ஒன்றரை மீட்டர் ஆழம், நல்ல குட்டைதான். அப்புறம் அதன் அடியில் இருக்கும் வெளியேற்றுக் குழாயைப் பார்த்தேன். விட்டம் 450 மி.மீ. இந்த மடல் அந்தக் குழாயைப் பற்றியது.

நிலம் 2 ஹெக்டேர். இன்று அது புல் முளைத்த தரிசு. பெய்யும் மழையில் பத்தில் மூன்று பங்கு ஓடிவரும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நிதானமாகச் சேர்வதால் அரை மணி நேர மழையை எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 60 மி.மீ. வீதம் என்றேன். ஓடைக்கு வருவது நொடிக்கு 100 லிட்டர். கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் பத்தில் ஏழு பங்கு ஓடும், அதுவும் கால் மணி நேரத்தில் வந்து சேரும். கால் மணி மழை இன்னும் உக்கிரமானது, மணிக்கு 90 மி.மீ. என்று கொண்டால் உச்சம் நொடிக்கு 350 லிட்டர். மழை அளவுகளை உங்கள் மழைமானிப் பதிவை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்; முறை மாறாது. ஓடைக்கு இன்று வரும் 100 லிட்டருக்கு மேல் விடக்கூடாது என்பதுதான் குட்டைக்கு இட்ட வேலை.

துளையின் அளவு கீழே உள்ள சூத்திரத்தில் வந்துவிடும்.

```
Q = 0.6 × A × √(2 × 9.81 × h)
```

`Q` என்பது நொடிக்கு வெளியேறும் தண்ணீர், கனமீட்டரில்; `A` துளையின் பரப்பு; `h` என்பது துளையின் மையத்துக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம். குட்டை நிரம்பியிருக்கும்போது அது 1.2 மீட்டர். `Q` இடத்தில் 100 லிட்டரை, அதாவது 0.1 கனமீட்டரைப் போட்டால் துளையின் பரப்பு 0.0344 சதுர மீட்டர், விட்டம் 21 செ.மீ. உங்கள் குழாயின் விட்டத்தில் இது பாதிக்கும் குறைவு.

உங்கள் குழாயையே வைத்து அந்தக் கால் மணி மழையைக் குட்டைக்குள் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் 35 செ.மீ. உயர்வதற்குள் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடுகிறது. ஓடைக்கு நொடிக்கு ஏறக்குறைய 250 லிட்டர் போகிறது. குட்டை மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. தோண்டிய மண்ணுக்குத்தான் செலவு.

"பெரிய குழாய் என்றால் தண்ணீர் தேங்காது, அடைக்காது" என்று நேரில் சொன்னீர்கள். சாலையோர வடிகாலுக்கு அது சரி. இங்கே தண்ணீர் தேங்குவதற்குத்தானே குட்டை?

21 செ.மீ. துளை வைத்தால் இடம் போதுமா என்பது அடுத்த கேள்வி. இங்கே பலர் சறுக்குவார்கள். மழை தொடங்கியதிலிருந்தே 100 லிட்டர் வெளியேறுவதாகக் கணக்குப் போடுவார்கள். தண்ணீர் மட்டம் கீழே இருக்கும்போது துளை அவ்வளவு தள்ளாது. குட்டை நிரம்பும் நேரம் முழுக்கச் சராசரி பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 லிட்டர்தான். உச்சம் தரும் மழையே குட்டையை அதிகம் நிரப்பும் என்பதும் இல்லை. கால் மணி மழைக்கு 255 கனமீட்டர் இடம் வேண்டும்; அரை மணி மழைக்கு ஏறக்குறைய 300. உங்கள் குட்டையில் 1.2 மீட்டருக்குள் சரியாக அந்த 300 இருக்கிறது. குட்டையை வரைந்தவர் கணக்குத் தெரிந்தவர்; குழாயை வேறு யாரோ போட்டிருக்கிறார் போல.

மழை விட்டபின் நிரம்பிய குட்டை காலியாக ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். கொசு வளர அது போதாது.

சிறிய துளை அடைத்துக்கொள்ளும் என்ற பயம் நியாயமானது. ஒரு பிளாஸ்டிக் பை போதும். அதனால் துளைக்கு முன்னால் சாய்வான கம்பி வலை வேண்டும்; அதன் இடைவெளிகளின் மொத்தப் பரப்பு துளையைப் போலப் பல மடங்கு இருக்கட்டும். வலையும் அடைத்தால் கரை உடையாமல் இருக்க, 1.3 மீட்டர் மட்டத்தில் கல் பாவிய கலிங்கு ஒன்று. ஏரிக்கு இருப்பது குட்டைக்கும் வேண்டும். இன்னொன்று: ஓடை பெருகி அதன் மட்டம் துளையின் மையத்துக்கு மேல் 60 செ.மீ. வரை ஏறினால் `h` பாதியாகி வெளியேற்றம் 70 லிட்டருக்கு இறங்கும். கார்த்திகையில் இது நடக்கும். ஓடையின் வெள்ள மட்டத்தை அளந்து வரைபடத்தில் குறிக்காமல் கலிங்கின் அகலத்தை முடிவு செய்யாதீர்கள்.

450 மி.மீ. குழாயைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. அதன் வாயில் 21 செ.மீ. துளையிட்ட துருப்பிடிக்காத இரும்புத் தகட்டை போல்ட் போட்டு முடுக்கினால் போதும். குடியேறுபவர்கள் கழற்றிவிடாதபடி தகட்டின் அளவை ஒப்புதல் வரைபடத்திலேயே எழுதுங்கள்.

முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் குட்டைச் சுவரைப் பார்க்க வருவேன், நீங்களும் வாருங்கள். சேற்றுக்கோடு முழங்கால் உயரத்திலேயே நின்றிருந்தால் துளை பெரிது. தண்ணீர் அப்போதும் நின்றுகொண்டிருந்தால் வலை அடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓடையோரக் குடியிருப்பாளன்