13 சதவீதம் யாருடைய சதவீதம்?

தமிழில் தொலைபேசி முறைப்பாடுகளைப் பதிவதற்குப் பேச்சை எழுத்தாக்கும் மாடல் ஒன்றைக் கொழும்பில் அறிமுகப்படுத்தவிருக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் சோதனை இலக்கத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து என் மாமி அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். “உவர் நேற்றே காசு கட்டிட்டார், பேந்து ஏன் கரண்ட் வெட்டினீங்கள்?” என்றார். திரையில் ‘உவர்’ ‘உயர்’ ஆகியிருந்தது, ‘பேந்து’ ‘பெயிண்ட்’ ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். மாமி மட்டும் சிரிக்கவில்லை.

மொத்தச் சொற்பிழை வீதம் 13 சதவீதம்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த எண் எப்படி வரலாம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோதனையில் 10,000 சொற்கள் இருக்கின்றன என்று வையுங்கள். 9,000 சொற்கள் கொழும்புப் பேச்சு, அதில் 900 பிழை. மீதி 1,000 சொற்கள் மலையகப் பேச்சு, அதில் 400 பிழை. கூட்டினால் 1,300, அதாவது 13 சதவீதம். மலையகத்தவர் பேசும் பத்துச் சொல்லில் நான்கு பிழைத்தாலும் மொத்தத்தில் அது கொழும்பின் 10க்கு மேல் வெறும் மூன்று புள்ளியாகத்தான் தெரியும். ஆகவே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், முஸ்லிம்களின் தமிழ், கொழும்பு என்று தனித்தனியாகப் பிழையை எண்ணி ஓர் அட்டவணையில் போடுங்கள்.

இடைவெளி தெரிந்ததும் வட்டார வழக்குத்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். கொழும்புக் குரல்களை நல்ல மைக்கில் பதிந்து, மலையகக் குரல்களைத் தொலைபேசியில் பதிந்திருந்தால், மாடல் தடுமாறுவது வழக்கிலா லைனிலா என்று எப்படித் தெரியும்? அதற்கு எளிய வழி உண்டு. அதே கொழும்புப் பதிவுகளை 8 கிலோஹெர்ட்ஸ் தொலைபேசித் தரத்துக்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள். பிழை 10இலிருந்து 35க்கு ஏறினால் குற்றம் பெரும்பாலும் லைனில். தொலைபேசித் தரத்தில் மாடலைப் பயிற்றுவித்தால் இடைவெளி பெருமளவு குறையும். 13க்கு மட்டும் ஏறினால் மாடல் மலையகப் பேச்சைப் போதிய அளவு கேட்டதே இல்லை. அப்புறம் மலையகத்துக்குப் போய்க் குரல் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாடல் எழுதியதோடு ஒப்பிட மனிதர் எழுதிவைத்த பிரதியையும் ஒருமுறை பாருங்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். “கதைக்கிறன்” என்று ஒருவர் சொன்னதை, எழுதியவர் “பேசுகிறேன்” என்று திருத்தி வைத்திருந்தார். மாடல் சரியாகக் கேட்டு எழுதியும் பிழைக் கணக்கில் விழுந்தது. அந்தந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டு, காதில் விழுந்தபடியே எழுதிய பிரதி இல்லாமல் மேலே சொன்ன கணக்கு எதையும் நம்பமுடியாது.

அட்டவணையில் வாக்கிய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பேச்சாளர் எண்ணிக்கையையும் போடுங்கள். மட்டக்களப்புக்கு 400 வாக்கியம் என்று இருக்கும், தோண்டினால் அத்தனையும் இரண்டே பேர் பேசியதாக இருக்கும். அது அந்த இருவரின் பிழை வீதம், மட்டக்களப்பினுடையது அல்ல. அந்த இருவரின் குரல் பயிற்சித் தரவிலும் இருந்தால் மாடலுக்கு அது ஏற்கெனவே பழகிய குரல், அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

இந்த அட்டவணையை இலக்கத்தைத் திறப்பதற்கு முன் வெளியிடுமாறு கேட்கிறேன். மாமி இன்னொரு தடவை அழைக்கச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
பேச்சு மாடல்களைச் சோதித்துப் பிழைக்கும் ஒருவன்
வெள்ளவத்தை, கொழும்பு 6